முடங்கிய வாலட், பதில் சொல்லாத நிறுவனம்: புகார் மின்னஞ்சல் எழுதுவது எப்படி, அடுத்து எங்கே போவது

வாலட் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. உள்ளே பணம் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் டிக்கெட் போட்டு வாரக்கணக்கில் ஆகிவிட்டது. 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற தானியங்கிப் பதிலைத் தவிர ஒரு மனிதர் எழுதிய வரி எதுவும் வரவில்லை. இந்த நிலையில் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். நானும் இதே வழியில் அலைந்துதான் என் பணத்தை மீட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். செயலியின் சாட்டில் நீங்கள் கேட்பதையும் தொலைபேசியில் சொல்வதையும் பெரும்பாலான நிறுவனங்கள் 'விசாரிப்பு' என்ற கணக்கில்தான் வைக்கும். அதற்குப் பதில் சொல்ல எந்தக் கெடுவும் கிடையாது. 'இது முறையான புகார்' என்று எழுத்தில், தேதியோடு, உரிய முகவரிக்குப் போகும்போதுதான் கெடு ஓடத் தொடங்கும். அந்தக் கெடு முடிந்த பிறகோ, நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த பிறகோதான் மேலிடத்தில் உங்கள் மனுவை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே நீங்கள் எழுதப்போகும் மின்னஞ்சலை இரண்டு பேர் படிக்கப்போகிறார்கள்: இன்று அந்த நிறுவனத்தின் அலுவலர், நாளை அவருக்கு மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர். இரண்டாமவருக்கு உங்கள் கதை எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

## 1. எந்த வகை முடக்கம் என்று கண்டுபிடியுங்கள்

எல்லா முடக்கமும் ஒன்றல்ல. வகை தெரியாமல் எழுதினால் தவறான மேசையில் போய் உட்கார்ந்துவிடும்.

உள்ளே நுழையவே முடியவில்லை, பின் எண்ணையோ ஓடிபியையோ ஏற்க மறுக்கிறது என்றால் பெரும்பாலும் பாதுகாப்புப் பூட்டு. புது போன், புது சிம், தவறான பின் எண் ஆகியவை வழக்கமான காரணங்கள். இது மணிக்கணக்கில், மிஞ்சிப்போனால் ஓரிரு நாளில் தானாகவோ மறுபதிவிலோ சரியாகும். வாரக்கணக்கில் நீடித்தால் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது.

உள்ளே போக முடிகிறது, இருப்பும் தெரிகிறது, ஆனால் அனுப்பவோ வங்கிக்கு மாற்றவோ முடியவில்லை என்றால் இரண்டில் ஒன்று. கே.ஒய்.சி. காலாவதியாகியிருக்கலாம் அல்லது விவரம் பொருந்தாமல் இருக்கலாம். இல்லையென்றால் ஏதோ ஒரு பரிவர்த்தனை சந்தேகக் கண்காணிப்பில் சிக்கியிருக்கலாம். செயலியில் 'ஆவணத்தைப் பதிவேற்றுக' என்ற பொத்தான் தெரிந்தால் முதலாவது. எதுவும் கேட்காமல் வெறுமனே 'தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று நின்றால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வகை, காவல்துறையோ நீதிமன்றமோ வேறு அரசு அமைப்போ கேட்டுக்கொண்டதால் விழுந்த தடை. உங்களுக்குப் பணம் அனுப்பிய ஒருவர் மோசடியில் மாட்டியிருந்தால்கூட இது நடக்கும். முழு இருப்பும் முடங்காமல் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் பிடித்துவைக்கப்பட்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். இந்தத் தடையை நிறுவனம் தன் விருப்பத்துக்கு நீக்க முடியாது. உத்தரவு போட்ட இடத்தில்தான் முறையிட வேண்டும். நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே: உத்தரவிட்டது எந்த அமைப்பு, அதன் குறிப்பு எண் என்ன.

சந்தேகக் கண்காணிப்பு வகையில் இன்னொரு சங்கதி உண்டு. பணமோசடித் தடுப்புச் சட்டங்கள் பல நாடுகளில், 'உங்கள் மீது இந்தச் சந்தேகம் இருக்கிறது' என்று வாடிக்கையாளரிடம் சொல்வதையே தடுக்கின்றன. எதிர்முனையில் இருப்பவர் மழுப்புவது சில நேரம் அலட்சியத்தால் அல்ல, சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து. அதனால் 'ஏன் முடக்கினீர்கள்?' என்ற கேள்வியைச் சுற்றியே மின்னஞ்சல் முழுவதையும் கட்டாதீர்கள். அவர் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். அவை என்னென்ன என்று நான்காம் படியில் வருகிறது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது: இனிஷியல். ஒரு ஆவணத்தில் 'ச. குமரன்', இன்னொன்றில் 'குமரன் ச.', வங்கியில் 'குமரன் சண்முகம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முன்னால். மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள்தான். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு நான்கு ஆட்கள். என் கணக்கு முடங்கியதும் இதனால்தான் என்று கடைசியில் தெரிந்தது. உங்கள் வாலட், வங்கி, அடையாள அட்டை மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

## 2. யாருக்கு எழுதுவது

செயலியில் நீங்கள் பார்க்கும் பெயரும், பணத்தை வைத்திருக்கும் உரிமம் பெற்ற நிறுவனமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வாலட்கள் வேறொரு நிறுவனத்தின் அல்லது வங்கியின் உரிமத்தில் ஓடுகின்றன. பயன்பாட்டு விதிமுறைகளின் தொடக்கத்திலோ அடிக்குறிப்பிலோ 'இந்த வாலட்டை வழங்குவது இன்ன நிறுவனம்' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். புகார் அவர்களுக்குப் போக வேண்டும், பிராண்டுக்கு ஒரு நகல். மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பாக வேறு நிறுவனத்தின் பெயரைப் போட்டால் மனு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, 'குறைதீர்ப்புக் கொள்கை' என்ற பக்கத்தைத் தேடுங்கள். வலைத்தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். முதல் நிலை வாடிக்கையாளர் சேவை, இரண்டாவது குறைதீர்ப்பு அலுவலர் அல்லது நோடல் அலுவலர், அவருக்கும் மேலே இன்னொருவர் என்று அடுக்கு போட்டு, ஒவ்வொரு நிலைக்கும் முகவரியும் பதில் தர எத்தனை நாள் என்பதும் கொடுத்திருப்பார்கள். முதல் நிலையின் டிக்கெட் எண் உங்களிடம் இருந்தால் நேரே இரண்டாம் நிலைக்கு எழுதலாம். அந்த எண் இல்லாமல் போனால் 'முதலில் சேவைப் பிரிவை அணுகவும்' என்று திருப்பிவிடுவார்கள்.

முகவரியை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ செயலிக்குள்ளிருந்தோ மட்டும் எடுங்கள். தேடுபொறியில் 'கஸ்டமர் கேர் எண்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது மோசடிக்காரனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சமூக வலைத்தளத்தில் நிறுவனத்தைக் குறிப்பிட்டுப் புலம்பினாலும் அதே கதைதான்: சில நிமிடங்களில் 'உதவிக் குழு' என்று ஒரு போலிக் கணக்கு வந்து ஓடிபி கேட்கும். பொதுவெளியில் எழுதியே தீர வேண்டுமென்றால் டிக்கெட் எண்ணை மட்டும் போடுங்கள், கைபேசி எண் வேண்டாம்.

## 3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

இதற்கு ஒரு மாலை போதும். செலவு எதுவும் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் மின்னஞ்சலைத் தொடங்காதீர்கள்.

முதலில் முடக்கச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட். போனின் மேல்பட்டையில் நேரம் தெரியும்படி எடுங்கள். தேதியும் தெரிந்தால் இன்னும் நல்லது. செயலியை அழித்து மறுபடி நிறுவச் சொல்வார்கள். அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மறுநிறுவலுக்குப் பிறகு அந்தச் செய்தி மாறிவிடலாம், சில செயலிகளில் சாட் வரலாறும் போய்விடும்.

இரண்டாவது, உள்ளே எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். கணக்கு முடங்கியிருந்தால் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறக்க முடியாமல் போகலாம். அப்போது வங்கிப் பக்கத்திலிருந்து கட்டி எழுப்புங்கள். வாலட்டுக்குப் பணம் போன வரிகள் உள்ள வங்கி அறிக்கை, ஒவ்வொன்றின் பரிவர்த்தனைக் குறிப்பு எண், வாலட்டிலிருந்து வந்த கடைசி குறுஞ்செய்தியில் இருக்கும் இருப்புத் தொகை, இவை மூன்றும் சேர்ந்தால் கணக்கு வந்துவிடும். வங்கி அறிக்கையில் சம்பந்தமில்லாத வரிகளை மறைத்துவிடலாம். தேதி, தொகை, குறிப்பு எண், உங்கள் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, பதிவு செய்த கைபேசி எண் உங்களுடையது என்பதற்கு ஏதாவது ஒன்று: சமீபத்திய பில் அல்லது இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதைக் காட்டும் பக்கம். சமீபத்தில் சிம் மாற்றியிருந்தால் இது மிக முக்கியம்.

நான்காவது, கே.ஒய்.சி.க்குக் கொடுத்த அதே அடையாள அட்டை. வேறொன்றை அனுப்பினால் புதுக் குழப்பம். நகலின் குறுக்கே 'இன்ன நிறுவனத்திடம் அளித்த வாலட் புகாருக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள், எழுத்து படத்தின் மேலேயே விழ வேண்டும். அட்டை எண்ணின் முதல் பகுதியை மறைக்க வழி இருந்தால் மறையுங்கள். பின் எண், ஓடிபி, டெபிட் அட்டையின் முழு எண் ஆகியவற்றை எந்தக் கட்டத்திலும் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கேட்டால் அது நிறுவனம் அல்ல.

ஐந்தாவது, இதுவரை போட்ட டிக்கெட்டுகளின் எண்களும் அவற்றின் தானியங்கிப் பதில்களும். சாட்டில் பேசியது ஸ்கிரீன்ஷாட்டாக, தொலைபேசியில் பேசியது போனின் அழைப்புப் பட்டியலாக.

எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி, 1, 2, 3 என்று தொடங்கும் கோப்புப் பெயர்களைக் கொடுங்கள். பல மின்னஞ்சல் சேவைகளில் ஒரு மடலின் அளவு 25 எம்.பி. தாண்டக் கூடாது, மொத்தமும் 10 எம்.பி.க்குள் இருந்தால் வம்பில்லை. ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பாதீர்கள், கடவுச்சொல் போட்ட கோப்பும் வேண்டாம். நிறுவனத்தின் வடிகட்டி அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடலாம். கிளவுட் இணைப்பையும் தவிருங்கள், அலுவலகக் கணினியில் வெளி இணைப்புகளைத் திறக்க ஊழியர்களுக்கு அனுமதி இல்லாத இடங்கள் நிறைய.

## 4. மின்னஞ்சலை எழுதுங்கள்

வாலட்டில் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். வேறொன்றிலிருந்து போனால் 'கணக்கு உரிமையாளரை உறுதி செய்ய முடியவில்லை' என்று சொல்லி ஒரு வாரத்தைக் கழித்துவிடுவார்கள்.

கோபத்தை இறக்கி வைத்துவிட்டு எழுதுங்கள் என்பது பண்புக்காகச் சொல்வதல்ல. நாளை மேலிடத்தில் படிப்பவர் தேடுவது தேதி, தொகை, கேள்வி. வசவுக்கு நடுவில் அவை புதைந்துவிட்டால் நட்டம் உங்களுக்கே. மடல் ஒரு திரையில், மிஞ்சினால் ஒன்றரைத் திரையில் முடிய வேண்டும்.

பொருள் வரியில் மூன்று விஷயம் போதும்: 'முறையான புகார்' என்ற சொல், டிக்கெட் எண், எத்தனை நாளாக முடக்கம். 'அவசரம்', 'உதவி தேவை' போன்ற தலைப்புகள் பொதுப் பெட்டியில் விழுந்து காணாமல் போகும்.

கீழே ஒரு மாதிரி. இதில் வரும் பெயர், எண், தேதி எல்லாம் கற்பனை. தொகைக்கு முன் உங்கள் நாணயத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஆங்கிலத்தில்தான் பதில் தரும் என்றால் அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

> பொருள்: முறையான புகார் – டிக்கெட் 40718 – மார்ச் 3 முதல் 30 நாளாக வாலட் முடக்கம்
>
> குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,
>
> என் வாலட் கணக்கு 3 மார்ச் 2025 முதல் முடங்கியுள்ளது. அதில் 18,450 இருப்பு உள்ளது. இரண்டு டிக்கெட்டுகளுக்கும் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. இதை முறையான புகாராகப் பதிவு செய்து, புகார் எண்ணை எனக்கு அனுப்பக் கோருகிறேன்.
>
> கணக்கு விவரம்
> பெயர் (வாலட்டில் உள்ளபடி): ச. குமரன்
> பதிவு செய்த கைபேசி: கடைசி நான்கு இலக்கம் 0000
> கே.ஒய்.சி. நிலை: முழுமை
>
> நடந்தவை
> 2 மார்ச்: புதிய கைபேசியில் செயலியை நிறுவினேன். அன்று மாலை என் வங்கிக் கணக்கிலிருந்து 12,000 ஏற்றினேன் (குறிப்பு எண் இணைப்பு 2இல்). முந்தைய இருப்பு 6,450.
> 3 மார்ச்: 'கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்ற செய்தி (இணைப்பு 1).
> 4 மார்ச்: டிக்கெட் 40718. அடையாள ஆவணம் கேட்கப்பட்டது.
> 6 மார்ச்: ஆவணத்தைச் செயலியில் பதிவேற்றினேன் (இணைப்பு 5).
> 13 மார்ச்: பதில் இல்லாததால் டிக்கெட் 41933. 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில்.
> அதன்பின் இன்றுவரை தகவல் இல்லை.
>
> கீழ்க்காணும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தேவை
> 1. மார்ச் 6இல் அளித்த ஆவணம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா? மறுக்கப்பட்டிருந்தால் எதில் குறை?
> 2. என்னிடமிருந்து இன்னும் ஏதேனும் ஆவணம் வர வேண்டியுள்ளதா?
> 3. இந்த முடக்கம் உங்கள் உள்பரிசீலனையா, வெளி அமைப்பின் உத்தரவா? உத்தரவு எனில், அமைப்பின் பெயரும் குறிப்பு எண்ணும் தரவும்.
> 4. எந்தத் தேதிக்குள் முடிவு தெரிவிக்கப்படும்?
>
> நான் கோருவது
> கணக்கைத் திறக்க வேண்டும். அது இயலாது எனில், இருப்பு 18,450ஐ என் பெயரிலுள்ள, ஏற்கெனவே இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.
>
> 16 ஏப்ரல் 2025க்குள் பதில் வேண்டுகிறேன். வராவிட்டால், உங்கள் குறைதீர்ப்புக் கொள்கையின்படி அடுத்த நிலைக்கும், விதித்த காலம் முடிந்ததும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் இம்மடலை இணைத்து முறையிடுவேன்.
>
> இணைப்புகள்: 1. முடக்கச் செய்தி 2. வங்கி அறிக்கை 3. கைபேசி இணைப்புச் சான்று 4. அடையாள நகல் 5. டிக்கெட் பதில்கள்
>
> ச. குமரன்
> 2 ஏப்ரல் 2025

இதில் கவனிக்க வேண்டியவை சில. இருப்பு 18,450 என்று சொன்னதோடு நிற்காமல் அது 6,450 கூட்டல் 12,000 என்று வந்த வழியும் காட்டப்பட்டிருக்கிறது. புது கைபேசியையும் பெரிய தொகை ஏற்றியதையும் நாமே சொல்லிவிட்டோம். கண்காணிப்பு மென்பொருள் அந்த இரண்டும் ஒரே நாளில் வந்ததைத்தான் பிடித்திருக்கும், மறைத்து எழுதினால் சந்தேகம் கூடும். நான்கு கேள்விகளும் 'ஆம்', 'இல்லை', ஒரு தேதி அல்லது ஒரு வரி என்று பதில் சொல்லத்தக்கவை. மூன்றாவது கேள்விக்கு முழுப் பதில் தர முடியாத நிலையில் இருந்தாலும் முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் அவர்களால் பதில் தர முடியும். தராவிட்டால் அந்த மௌனமே மேலிடத்தில் உங்கள் வாதம்.

கோரிக்கையில் இரண்டாவது வழி ஒன்று வைத்திருப்பதும் காரணத்தோடுதான். கணக்கைத் திறக்க மறுக்க நிறுவனத்துக்கு விதிமுறையில் இடம் இருக்கலாம். உத்தரவு எதுவும் இல்லாமல் உங்கள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அவ்வளவு எளிதில் இடம் இருக்காது. இரண்டையும் பிரித்துக் கேட்டால்தான் பிரித்துப் பதில் வரும்.

'வழக்கறிஞரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்', 'ஊடகத்துக்குப் போவேன்' என்றெல்லாம் சேர்க்காதீர்கள். சில நிறுவனங்களில் வழக்கு என்ற சொல் வந்ததும் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்விடும், அங்கே வேகம் இன்னும் குறைவு.

## 5. அனுப்பிய பிறகு

ஒரு சிறிய குறிப்பேடோ அட்டவணையோ வைத்துக்கொள்ளுங்கள்: அனுப்பிய தேதி, ஒப்புகை வந்த தேதி, புகார் எண், அடுத்த நிலைக்குப் போக வேண்டிய நாள். மூன்று வேலை நாளுக்குள் ஒப்புகை வராவிட்டால் அதே மடலை அதே இழையில் மறுபடி அனுப்பி, 'ஏப்ரல் 2இல் அனுப்பியதன் தொடர்ச்சி' என்று ஒரு வரி மட்டும் சேருங்கள். குறைதீர்ப்பு முகவரியிலிருந்து மடல் திரும்பி வந்தால் அந்தத் திரும்பிய மடலையும் பத்திரப்படுத்துங்கள். செயல்படாத முகவரியைக் கொடுத்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

பதில் பெரும்பாலும் இந்த மூன்று வடிவங்களில் ஒன்றாக வரும்.

'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால், பதில் வந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். 'நான்கு கேள்விகளில் எதற்கும் விடை இல்லை, கெடு மாறாது' என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

'ஆவணம் தேவை' என்று வந்தால் நல்ல செய்தி, யாரோ ஒருவர் கோப்பைத் திறந்திருக்கிறார். எனக்கு வந்தது இதுதான். வாலட்டில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒருவருடையதே என்று கையொப்பமிட்ட உறுதிமொழியும், அப்பா பெயர் உள்ள அடையாள அட்டையும் கேட்டார்கள். இதை முதல் வாரமே கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். கேட்டதை மட்டும், கேட்ட வடிவில், அதே இழையில் கொடுங்கள். கூடுதலாக எதையும் சேர்த்தால் அதிலும் ஒரு பெயர் வேறுபாடு கிளம்பலாம்.

'விதிமுறைகளின்படி கணக்கு மூடப்பட்டது' என்று வந்தால், எந்த விதி என்று பிரிவு எண்ணைக் கேளுங்கள். இருப்பு எப்போது, எங்கே வரும் என்றும் கேளுங்கள். 'இது உங்கள் இறுதிப் பதிலா?' என்ற கேள்வியை மறக்க வேண்டாம். 'ஆம்' என்று எழுத்தில் வந்துவிட்டால், கெடு முடியும்வரை காத்திருக்காமலே மேலிடம் போகலாம்.

காத்திருக்கும் நாட்களில் செய்யக் கூடாதவை சில உண்டு. தினமும் புது டிக்கெட் போடாதீர்கள். பல அமைப்புகளில் அவை பழையதோடு இணைக்கப்பட்டு, கடைசித் தேதிக்கு வரிசையில் பின்னால் போய்விடும். 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?' என்று வரும் கருத்துக் கணிப்பில் அவசரத்தில் 'ஆம்' அழுத்தாதீர்கள், டிக்கெட் மூடிவிடும். அதே அடையாள அட்டையில் இரண்டாவது வாலட் கணக்கைத் திறக்காதீர்கள், பல நிறுவனங்களில் அதுவே தனி விதிமீறல்.

வாலட்டுக்குப் பணம் ஏற்றிய டெபிட் அல்லது கிரெடிட் அட்டையில் 'இந்தப் பரிவர்த்தனையை மறுக்கிறேன்' என்று வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறும் யோசனையை யாராவது சொல்வார்கள். நீங்களே ஏற்றிய பணத்துக்கு அப்படிச் சொல்வது பொய்யான கோரிக்கை. அது மட்டுமல்ல, வாலட் இருப்பு எதிர்மறைக்குப் போய், தற்காலிக முடக்கம் நிரந்தர மூடலாகிவிடும். அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தது, அன்றோடு போயிற்று.

வாலட்டிலிருந்து தானாகக் கட்டிக்கொண்டிருந்த சந்தா, பில் எதுவும் இருந்தால் அதை இன்றே வேறு வழிக்கு மாற்றிவிடுங்கள்.

## 6. மேலிடத்துக்குப் போவது

முதலில் நிறுவனத்துக்குள் இருக்கும் அடுத்த நிலை. புது மடல் எழுத வேண்டாம். அனுப்பிய மடலையே முன்னனுப்பி, மேலே மூன்று வரி போதும்: எப்போது புகார் கொடுத்தேன், புகார் எண் என்ன, எந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை.

அதுவும் பலிக்காவிட்டால் ஒழுங்குமுறை அமைப்பு அல்லது குறைதீர்ப்பாளர். எந்த நாட்டில் உரிமம் பெற்ற வாலட்டோ அந்த நாட்டின் அமைப்பு. நீங்கள் வசிக்கும் நாடு வேறாக இருந்தாலும் உரிமம்தான் கணக்கு.

இந்திய உரிமம் என்றால், வாலட் நிறுவனம் புகாரின் மீது இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை தொடங்கி, 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. இணையம் ஒத்துவராதவர்கள் சண்டிகரில் உள்ள மனுப் பெறும் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். மனுவுக்குக் காலவரம்பு உண்டு, கெடு முடிந்த வாரமே கொடுத்துவிடுங்கள். 30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற சந்தேகம் வந்தால், முறையான புகார் மின்னஞ்சல் போன தேதியை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அவசரப்பட்டு 25ஆம் நாளில் கொடுத்தால் 'முன்கூட்டிய மனு' என்று திருப்பிவிடுவார்கள்.

பிரிட்டன் உரிமம் என்றால், மின்பணம், பணப் பரிமாற்றம் தொடர்பான புகார்களுக்கு நிறுவனம் 15 வேலை நாளுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். அசாதாரணச் சூழலில் 35 வேலை நாள்வரை நீட்டலாம். அதன்பின் நிதிக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் இலவசமாக முறையிடலாம். இறுதிப் பதில் வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இலங்கையில் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுத் துறை இத்தகைய முறைப்பாடுகளைப் பெறுகிறது. அங்கேயும் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்ட சான்று வேண்டும். வேறு நாடு என்றால் அந்நாட்டு மத்திய வங்கியின் தளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் திறந்து, இரண்டாம் படியில் எழுதிவைத்த பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். புகார்ப் பக்கமும் பெரும்பாலும் அதே தளத்தில்தான் இருக்கும். பட்டியலிலேயே பெயர் இல்லை என்றால் விவகாரம் வேறு: அது சேவைக் குறைபாடாக இல்லாமல் மோசடியாகவே இருக்கலாம். அப்போது மின்னஞ்சலில் நாள் கடத்தாமல் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குப் போங்கள்.

மனுவில் 'சுருக்கமாக விவரிக்கவும்' என்ற பெட்டிக்கு எழுத்து வரம்பு இருக்கும். 'நடந்தவை' பகுதியை அப்படியே ஒட்டிவிட்டு, முழு மின்னஞ்சலை இணைப்பாகக் கொடுங்கள். ஒப்புகை, டிக்கெட், இறுதிப் பதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பி.டி.எஃப். ஆக்கினால் படிப்பவருக்குச் சுலபம். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர்.

ஒரே விவகாரத்தை ஒரே நேரத்தில் நீதிமன்றத்துக்கும் குறைதீர்ப்பாளருக்கும் கொண்டுபோகாதீர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் பொதுவாக எடுக்க மாட்டார். காவல்துறை அல்லது நீதிமன்ற உத்தரவால் விழுந்த தடையையும் அவர் நீக்க முடியாது. ஆனால் அந்த உத்தரவின் விவரத்தை உங்களுக்குத் தராமல் நிறுவனம் வாரக்கணக்கில் இழுத்தடித்தது என்பதை அவரிடம் புகாராகச் சொல்லலாம்.

மனு பதிவானதும் அதன் எண்ணை நிறுவனத்தின் பழைய மின்னஞ்சல் இழையிலும் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். வாரக்கணக்கில் வாய் திறக்காதவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் தொலைபேசியில் அழைப்பதுண்டு. அழைத்தால் பேசுங்கள், ஆனால் 'சொன்னதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்' என்று முடியுங்கள். பணம் கைக்கு வருமுன் மனுவைத் திரும்பப் பெறச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

## 7. கணக்கு திறந்ததும்

முதல் வேலை, இருப்பை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மாற்றுவது. ஒரே தடவையில் முழுத் தொகையும் போகாவிட்டால் அன்றாட வரம்பு இருக்கிறதா என்று பார்த்துப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். மாற்றுவதற்குக் கட்டணம் பிடித்தால் அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது புது வங்கிக் கணக்கைச் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே இணைத்ததையே பயன்படுத்துங்கள்; திறந்த அன்றே புது விவரம் சேர்வது மறுபடி பூட்டு விழ வழி செய்யும்.

பிறகு முடங்கிய காலத்துப் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி, நீங்கள் கணக்கிட்ட தொகையோடு ஒப்பிடுங்கள். முடக்கத்தின்போது யாராவது உங்களுக்கு அனுப்பிய பணம் நடுவில் நின்றிருந்தால், அது அனுப்பியவருக்கே திரும்பியதா என்று அவரிடமும் கேட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், புகார் தீர்ந்ததாகக் குறிப்பிடும் மடலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, பெயர் வேறுபாடு காரணமாக இருந்தால் திருத்தப்பட்ட பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கே.ஒய்.சி. புதுப்பிப்பில் அதே கேள்வி வந்தால் காட்டுவதற்கு அந்த மடல் தேவைப்படும்.